தங்கச்சிக்கு யு.கே.யில் கோடை விடுமுறையாம், முழுநேரம் வேலை பார்க்கலாமா? ஒரு வாரம் 23 மணி நேரம் ஆகிவிட்டது, விசா போய்விடுமா?

திருமங்கலம் பாண்டி (17 ஜூன் 2025, செவ்வாய்)

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி போன செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க இங்கிலாந்து போனாள். ஓராண்டுப் படிப்பு, ஊர் கோவென்ட்ரி. விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை என்று இருக்கிறது. கேம்பஸ் நூலகத்தில் செவ்வாயும் வியாழனும் 3 மணி நேரம், வெளியே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளி 4, சனி 5. ஆக வாரம் 15.

போன ஞாயிறு ராத்திரி யாரோ வரவில்லை என்று மேனேஜர் கூப்பிட, 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை போய் நின்றுவிட்டாள். 15-உம் 8-உம் 23. நேற்றிலிருந்து போனில் அழுதுகொண்டே இருக்கிறாள்.

இது போதாதென்று அதே மேனேஜர், "வகுப்பு முடிந்துவிட்டது, 7-ம் தேதியிலிருந்து உங்களுக்கு விடுமுறை, திங்கட்கிழமை முதல் வாரம் 38 மணி நேரம் தருகிறேன்" என்கிறார். பல்கலைக்கழக இணையதளத்திலேயே அந்தத் தேதியைக் காட்டினாராம். மணிக்கு 12.21 பவுண்டு. 20-க்கும் 38-க்கும் உள்ள வித்தியாசம் மட்டும் வாரம் 220 பவுண்டு, நம் காசுக்கு 25,000 ரூபாய் வரும். அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் அவளை அனுப்பினார். அதனால்தான் கேட்கிறேன், இதைச் செய்யலாமா? கேம்பஸ் வேலை அந்த 20-க்குள் வராது என்று அவள் தோழி ஒருத்தி சொல்கிறாள், அது உண்மையா?

வில்லாபுரம் ராஜன்

பயப்படாதே தம்பி. என் பையன் அங்கேதான் பி.எஸ்சி. படிக்கிறான். போன வருஷம் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு கிடங்கில் வாரம் 40 மணி நேரம் பார்த்தான். விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம் என்று பல்கலைக்கழகமே கடிதம் கொடுத்தது. தாராளமாகப் போகச் சொல்லு.

மெல்போர்ன் கார்த்தி

அண்ணே, 23 பெரிய விஷயமில்லை. இங்கே எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். ஒரு வாரம் கூடினால் அடுத்த வாரம் குறைத்துச் சரிசெய்துகொள்வோம். அங்கேயும் சராசரி பார்த்தால் 20-க்குள் வந்துவிடும்.

செல்லூர் மீனா, லீட்ஸ்

பாண்டி, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஏழு வருஷமாக இருக்கிறேன். இதே கேள்வி ஒவ்வொரு ஜூனிலும் வரும். பதில் சொல்லும் முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும். அந்த ராத்திரி ஷிப்ட் எந்தத் தேதி? இடைவேளைக்கும் சம்பளம் உண்டா? ஆய்வறிக்கை எப்போது கொடுக்க வேண்டும்? விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த காஸ் கடிதத்தில் படிப்பு முடியும் தேதி என்ன போட்டிருக்கிறது?

திருமங்கலம் பாண்டி

அக்கா, அவளிடம் கேட்டுவிட்டேன். ஷிப்ட் 15-ம் தேதி ஞாயிறு ராத்திரி. எட்டு மணி நேரத்துக்கும் சம்பளம் உண்டு. ஆய்வறிக்கை ஆகஸ்ட் 29. காஸில் 19 செப்டம்பர் 2025. விசா ஜனவரி 19 வரை. வேலை அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். பென்சிலில் அவள் பெயருக்கு நேரே 'ஞாயிறு 22–06' என்று மேனேஜர் எழுதியிருக்கிறார்.

செல்லூர் மீனா, லீட்ஸ்

முதலில் அவளை அழுகையை நிறுத்தச் சொல். அவள் பயப்படுகிற வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இந்த வாரம்தான் கவனிக்க வேண்டியது.

இந்த விசாவில் வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு நள்ளிரவு வரை. அட்டவணையில் ஒரே கட்டத்தில் எழுதியிருந்தாலும் அந்த ஷிப்ட் இரண்டு வாரத்தில் விழுகிறது. ராத்திரி 10 முதல் 12 வரை 2 மணி நேரம் போன வாரத்துக்கு. 12 முதல் 6 வரை உள்ள 6 மணி நேரம் 16-ம் தேதி திங்கட்கிழமைக் கணக்கு. ஆக, போன வாரம் 15-உம் 2-உம் 17. அது வரம்புக்குள்தான்.

இந்த வாரம் ஏற்கெனவே 6 போய்விட்டது. வழக்கம்போல நூலகம் 6, கடை 9 பார்த்தால் 21. ஒரு மணி நேரம் கூடினாலும் மீறல்தான். இன்றைக்குச் செவ்வாய் என்பதால் இன்னும் நேரம் இருக்கிறது. சனிக்கிழமை 5 மணி நேரத்தை 3 ஆக்கச் சொல்லட்டும், 19-இல் நிற்கும். சரியாக 20-இல் நிறுத்த வேண்டாம். கடை மூடும் நேரத்தில் இருபது நிமிடம் இழுத்தாலும் தாண்டிவிடும். மேனேஜரிடம் வாயால் சொல்லிவிட்டு அதையே செய்தியாகவும் அனுப்பி, பதிலை வைத்துக்கொள்ளச் சொல்.

கார்த்தி, இங்கே சராசரி கிடையாது. ஒரு வாரம் 10 பார்த்துவிட்டு அடுத்த வாரம் 30 பார்த்தால் அந்த 30 மீறல். உங்கள் ஊரிலும் நீங்கள் சொல்வது முழுக்கச் சரியில்லை. எந்தத் திங்களில் தொடங்கி எண்ணினாலும் 14 நாளில் 48-ஐத் தாண்டக் கூடாது. 15, 30, 20 என்று மூன்று வாரம் பார்த்தால் முதல் இரண்டும் சேர்ந்து 45தான், ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 50 ஆகிவிடும்.

கேம்பஸ் வேலையும் 20-க்குள்தான். நூலகம், கேன்டீன், புது மாணவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது எல்லாம் சேரும். எத்தனை முதலாளி என்பது கணக்கே இல்லை, மொத்த மணி நேரம்தான் கணக்கு. நூலகத்துக்குக் கடை மணி நேரம் தெரியாது, கடைக்கு நூலகத்தைத் தெரியாது. இரண்டையும் கூட்டிப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் உன் தங்கச்சிதான். அதனால் கடை அட்டவணையை நம்பாமல், திங்களில் தொடங்கும் ஒரு நோட்டு அவளே போட வேண்டும்.

இனி அந்த 38 மணி நேரம். ராஜன் அண்ணன் மகன் இளங்கலை. அவனுக்குக் கோடை உண்மையிலேயே விடுமுறை, அவன் செய்தது சரி. முதுகலைக்குக் கோடை என்பது ஆய்வறிக்கைக் காலம். வகுப்பு இல்லையே தவிர, படிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது, பருவம் முடியவில்லை. மேனேஜர் பார்த்த ஜூன் 7 இளங்கலைக்கான தேதியாகத்தான் இருக்கும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் இணையதளத்தில் அதுதான் முன்னால் தெரியும். முதுகலைத் தேதி உள்ளே வேறொரு பக்கத்தில் இருக்கும். மேனேஜரைக் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் விசா அவருடையது இல்லை.

ஆகஸ்ட் 29-இல் அறிக்கை கொடுத்தாலும் மறுநாளே முழுநேரம் போகக் கூடாது. காஸில் உள்ள செப்டம்பர் 19 வரை 20தான். 20-ம் தேதியிலிருந்து விசா முடியும்வரை முழுநேரம் பார்க்கலாம். அவளுடைய படிப்புக்கான பருவத் தேதிகளைக் கடிதமாகத் தரும்படி அலுவலகத்தில் கேட்டு, அதை மேனேஜரிடம் கொடுக்கட்டும். முறைப்படி அந்தக் கடிதத்தை அவரே கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். அனுமதியில்லாத வேலைக்கு ஆள் வைத்தால் கடைக்கு முதல் தடவையே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் விழலாம் என்று அவருக்கும் தெரியும். கடிதத்தைப் பார்த்தால் அவரே 38-ஐ விட்டுவிடுவார்.

டவுன்ஹால் ரோடு சரவணன்

20 மணி நேரத்தில் வட்டிகூடக் கட்ட முடியாது, பாண்டி. என் மச்சான் அங்கே சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறான். நண்பன் கணக்கில்தான் ஓட்டுகிறான், பணமும் நண்பன் வழியாக வருகிறது. சம்பளச் சீட்டே இல்லாதபோது யார் எண்ணப்போகிறார்கள்?

செல்லூர் மீனா, லீட்ஸ்

சரவணன், உங்கள் மச்சானை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். டெலிவரி ஆப்பில் ஓட்டுவது சுயதொழில். மாணவர் விசாவில் சுயதொழில் வாரம் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. 20-க்குள் ஓட்டினால் தப்பில்லை என்பதே தவறு. அடுத்தவர் கணக்கில் ஓட்டுவது அதற்கு மேல் ஒரு சிக்கல். குடியேற்ற அதிகாரிகள் சாலையில் நிறுத்திச் சோதிப்பது இந்த ஆட்களைத்தான். பாண்டி தங்கச்சியின் ஒரு மணி நேரத்தையும் இதையும் ஒன்றாகப் பார்க்க மாட்டார்கள்.

சம்பளச் சீட்டு உள்ள வேலையிலும் யாரும் எண்ணவில்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டு முதலாளிகளும் ஒவ்வொரு சம்பளத்தையும் வரித்துறைக்கு அனுப்புகிறார்கள், இரண்டும் ஒரே தேசியக் காப்பீட்டு எண்ணின் கீழ் போய் உட்காருகின்றன. வரித்துறைத் தகவலை உள்துறையால் கேட்டு வாங்க முடியும்.

வாடிப்பட்டி ஜெயந்தி

மேடம், என் மகளுக்கு வரும் செப்டம்பரில் போக ஏற்பாடு நடக்கிறது. பகுதிநேர வேலையிலேயே இரண்டாம் தவணைக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

செல்லூர் மீனா, லீட்ஸ்

அம்மா, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் தவறாமல் 20 மணி நேரம் கிடைத்தால் 244 பவுண்டு. மாதம் சுமார் 1,050. அறை வாடகை, சாப்பாடு, பஸ் போக அதில் என்ன மிஞ்சும்? போனவுடன் வேலை கிடைப்பதும் இல்லை, என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் டிசம்பர் வரை தேடுகிறார்கள். கட்டணத்துக்கு வேறு வழி இருந்தால் மட்டும் அனுப்புங்கள். வேலையைச் சாப்பாட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

திருமங்கலம் பாண்டி (18 ஜூன், புதன்)

அக்கா, நேற்று ராத்திரியே பேசிவிட்டாள். சனிக்கிழமை 3 மணி நேரம் ஆகிவிட்டது, மேனேஜர் 'சரி' என்று செய்தியும் அனுப்பிவிட்டார். முதுகலைப் பருவத் தேதியும் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி செப்டம்பர் 19 வரை பருவம்தான். 38 வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், மூன்று மாதம் எங்கள் கடை வருமானத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பழைய அட்டவணைகளைத் திங்களில் தொடங்கி எண்ணிப் பார்த்தபோது புதிதாக ஒன்று தெரிந்தது. மார்ச் 9, மார்ச் 23 இரண்டு ஞாயிறும் இதே ராத்திரி ஷிப்ட் போயிருக்கிறாள். முதல் தடவை அடுத்து வந்த சனிக்கிழமை காய்ச்சல் என்று போகவில்லை, அதனால் 16. இரண்டாவது தடவை, 24 முதல் 30 வரை, எல்லா நாளும் போயிருக்கிறாள். 21. இனி என்ன செய்வது?

செல்லூர் மீனா, லீட்ஸ்

அந்த 21 மீறல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்துக்காக விசா தானாக ரத்தாகிவிடாது. ரத்து செய்யலாம் என்றுதான் விதி, செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் படிப்பு முடிந்து, அங்கேயே தங்கி வேலை பார்ப்பதற்கான இரண்டு வருஷ பிஎஸ்டபிள்யூ விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய மீறல்களை அதிகாரி கணக்கில் எடுக்கலாம். ஆகவே மார்ச் அட்டவணை, இரண்டு சம்பளச் சீட்டுகள், நள்ளிரவில் பிரித்துப் போட்ட கணக்கு மூன்றையும் ஒரே கோப்பில் வைக்கட்டும். அட்டவணையில் கை வைக்கவோ பின்தேதியிட்டு எதையும் எழுதவோ கூடாது. விண்ணப்பத்தில் கேள்வி வந்தால் பொய் சொல்லவும் கூடாது. ஒரு மணி நேரத்தை மன்னிக்கலாம், பொய்யை மன்னிக்க மாட்டார்கள்.

மெல்போர்ன் கார்த்தி

அப்படியென்றால் இப்போதே பல்கலைக்கழகத்தில் போய்ச் சொல்லிவிடுவதுதானே நல்லது?

செல்லூர் மீனா, லீட்ஸ்

அவசரப்படக் கூடாது. மாணவர் விதி மீறியது தெரிந்தால் உள்துறைக்குச் சொல்லும் கடமை பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது. மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவு பல இடங்களில் தனியாக இயங்குகிறது. பெயர் சொல்லாமல் முதலில் ஒன்றைக் கேட்கட்டும்: "நான் சொல்வது உங்களுக்குள்ளேயே இருக்குமா?" ஆம் என்றால் அங்கே பேசலாம். இல்லையென்றால் குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவரிடம் காசு கொடுத்து அரை மணி நேரம் பேசுவது நல்லது. ஊர் ஏஜென்ட்டிடம் போக வேண்டாம். தானாக முன்வந்து சொல்வதா, விண்ணப்பத்தோடு விளக்கக் கடிதம் வைப்பதா என்பதில் என் அலுவலகத்திலேயே இரண்டு கருத்து உண்டு. முழுக் கோப்பையும் பார்த்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

திருமங்கலம் பாண்டி

சரிக்கா. மாணவர் சங்கத்தில் வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறாள், நீங்கள் சொன்ன கேள்வியை முதலில் கேட்பாள். அக்டோபரிலிருந்து உள்ள எல்லா வாரத்தையும் இன்று ராத்திரி நானும் அவளும் போனில் உட்கார்ந்து எண்ணப் போகிறோம்.