"4 மணி நேரம்" எப்போது தொடங்குகிறது? அறிவிப்பு எழுத உதவி தேவை

சுங்கை சிப்புட்டில் எங்கள் வாழை இலை உணவகத்துக்காக மலாய் சுகாதார விதிகளைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒன்று மட்டும் ஆளுக்கொரு விதமாகப் புரிகிறது: "சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் பரிமாறவும்." தோட்டத்து அக்காமார் அடுப்பிலிருந்து இறக்கியதிலிருந்து எண்ணுகிறார்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் மேசையில் வைத்ததிலிருந்து. ஆறிய சோற்றைச் சுடவைத்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்றும் சிலர் நம்புகிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய பயம். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது.

கடிகாரப் படம் ஒட்டினேன், பயனில்லை. "சமைத்து முடித்ததிலிருந்து" என்று மாற்றினேன்; தாளிப்பையும் சேர்த்தா என்று கேட்கிறார்கள். பாத்திரத்தில் "இறக்கியது 10.30, கொட்டுவது 2.30" என்று எழுதிவைத்தால் குழப்பமில்லை, ஆனால் மதிய நெரிசலில் எழுத மறக்கிறார்கள்.

சுடவைத்தாலும் கணக்கு மாறாது என்பதையும் சேர்த்து, இவ்விதியை நீங்கள் எந்தச் சொற்களில் எழுதுவீர்கள்?