[கலைச்சொல்] அரட்டை வரலாற்றில் செய்தி வேறு தேதியில் தெரிவதற்கு என்ன பெயர்?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் அரட்டைச் செயலியின் புதிய சரங்கள் வந்துவிட்டன. ஒரே ஒரு சரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

```
msgid "Shown under a different date due to time zones"
msgstr ""
```

வரலாற்றுப் பக்கத்தில் தேதித் தலைப்புக்குக் கீழே சாம்பல் நிறத்தில் வரும் குறிப்பு இது. அனுப்பியவருக்கு ஒரு தேதி, படிப்பவருக்கு வேறு தேதி என்று ஆகும்போது தோன்றும். உதாரணமாக, 2024 மார்ச் 9 சனிக்கிழமை விடியற்காலை 2.10க்குச் சென்னையில் இருப்பவர் ஒரு செய்தி அனுப்புகிறார். அந்த நொடியில் டொராண்டோவில் வெள்ளி பிற்பகல் 3.40. அங்கே அது மார்ச் 8 என்ற தலைப்பின்கீழ் போய் உட்காரும்.

முந்தைய பதிப்பில் யாரோ "தேதி மாற்றப்பட்டது" என்று போட்டிருக்கிறார்கள். படிப்பவர் யாரோ உள்ளே புகுந்து கைவைத்துவிட்டதாகப் பயப்படுவார். அதனால் இந்த நிகழ்வுக்கு ஒரு பெயர் வேண்டும். உதவிப் பக்கத்திலும் இதே சொல் நான்கைந்து இடத்தில் வருகிறது.

---

இராமலிங்கம் எழுதியது:

அம்மா கயல்விழி,

இது புதிய நிகழ்வன்று. பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டினால் நாள் ஒன்று கூடும் அல்லது குறையும் என்று பள்ளிப் புவியியலிலேயே படித்திருக்கிறோம். ஆகவே "தேதிக்கோட்டு வேறுபாடு" என்று வைக்கலாம். பாடநூலில் உள்ள சொல்லோடு ஒட்டியும் போகும்.

---

பாஸ்கர் எழுதியது:

> பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டினால்

ஐயா, தேதிக்கோடு பசிபிக் கடல்ல இருக்கு. இங்க அதுக்கு வேலையே இல்லை. ரெண்டு ஊருக்கும் நடுவுல நள்ளிரவு எங்க நிக்குதுங்கறதுதான் விஷயம். சென்னைல நள்ளிரவு தாண்டிடுச்சு, டொராண்டோல இன்னும் தாண்டலை. அவ்வளவுதான். லண்டனுக்கும் சென்னைக்கும்கூட இதே நடக்கும்.

இன்னொண்ணு. கயல் சொல்றது ஒழுங்கா வேலை செய்யற மென்பொருள். அதுல பிழை எதுவும் இல்லை, ரெண்டு பேர் தேதியும் சரி. ஆனா நமக்கு வர்ற புகார்ல பாதி வேற ரகம். ரெண்டு பேரும் சென்னைலயே இருக்காங்க, இருந்தும் செய்தி முந்தின நாள் தலைப்புல போகுது. அது பக். சர்வர் உலகப் பொது நேரத்துல, அதாவது யூடிசில நாளை வெட்டுது. அதே செய்தியை டேட்டாபேஸ்ல பாருங்க:

```
SELECT date(1709930400,'unixepoch');
-- 2024-03-08
SELECT date(1709930400,'unixepoch','localtime');
-- 2024-03-09
```

அந்தப் பெரிய எண் செய்தி போன கணம். அதுக்குத் தேதின்னு ஒண்ணு கிடையாது. எந்த ஊர் நள்ளிரவை வெச்சு வெட்டறோமோ அதைப் பொறுத்து 8 ஆகும், இல்ல 9 ஆகும். ரெண்டாவது வரி, இந்திய நேரத்துக்கு வெச்ச கணினில ஓட்டினா வர்ற விடை.

கண்டுபிடிக்கிறது சுலபம். இந்தியால இருக்கறவருக்கு ராத்திரி 12லேருந்து காலை 5.30 வரைக்கும் உள்ள செய்திகள் மட்டும் ஒரு நாள் பின்னாடி போயிருக்கும். பகல்ல அனுப்பினது எல்லாம் சரியா இருக்கும். செய்தி பக்கத்துல காட்டற மணி சரியா இருந்து, மேல இருக்கற தலைப்பு மட்டும் தப்பா இருந்தா வேற எங்கயும் தேட வேண்டாம். மணியும் சேர்ந்து 5.30 தள்ளி இருந்தா அது வேற வியாதி.

லண்டன்ல உக்காந்து எழுதறவன் கண்ணுல இது குளிர்காலத்துல படவே படாது. அவன் ஊர் நேரமும் யூடிசியும் அப்ப ஒண்ணுதான். கோடைல ராத்திரி 12லேருந்து 1 வரைக்கும் மட்டும் தப்பா விழும். அந்த நேரத்துல யார் டெஸ்ட் பண்றாங்க?

---

நிரோஜா எழுதியது:

வணக்கம்,

நான் டொராண்டோவில இருக்கிறன். பாஸ்கர் அண்ணா சொன்னதுக்கு நேர்மாறா எனக்கு நடக்குது. முதல்ல பாவிச்ச செயலியில பின்னேரம் 7 மணிக்குப் பிறகு அம்மாவோட கதைச்சதெல்லாம் அடுத்த நாள் திகதியில கிடக்கும். கோடையில 8 மணியில இருந்து. இப்ப பாவிக்கிற இன்னொண்டில எந்த நேரம் கதைச்சாலும், முழு நாளுமே ஒரு நாள் முந்தித்தான் காட்டுது. காலமை 10 மணிக்கு அனுப்பினதும் நேற்று எண்டு நிக்குது.

---

முருகேசன் எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினை. போன் மாற்றியதும் பழைய சாட் எல்லாம் ஒரே தேதியில் வருகிறது. பேக்கப் எடுத்த தேதி. இதற்கும் அந்தச் சொல்தானா? சரி செய்ய எந்த செட்டிங்ஸ்?

---

பாஸ்கர் எழுதியது:

முருகேசன் சார், உங்களது நேர மண்டலம் இல்லை. மீட்டெடுக்கும்போது செய்தியோட நேரத்தை விட்டுட்டு, கோப்பு எழுதின நேரத்தை எடுத்துக்கிட்டிருக்கு. செட்டிங்ஸ்ல சரியாகாது. பழைய போன் இன்னும் கைல இருந்தா அழிச்சிடாதீங்க.

நிரோஜா, உங்க முதல் செயலி அதே யூடிசி வெட்டுதான். நீங்க மேற்குல இருக்கறதால யூடிசி நள்ளிரவு உங்களுக்குச் சாயங்காலமே வந்துடும். அதனால முன்னாடி தள்ளுது. எங்களுக்குப் பின்னாடி.

ரெண்டாவது சுவாரசியமான கேஸ். முழு நாளும் தள்ளுதுன்னா, செய்தியைச் சரியான நாள்லதான் வெச்சிருக்கான். தலைப்பை எழுதும்போதுதான் கோட்டை விடறான். தேதியை மட்டும் தனியா `2024-03-09` அப்படின்னு சேமிச்சு, திரும்பப் படிக்கும்போது

```
new Date("2024-03-09")
```

அப்படின்னு கொடுத்திருப்பான். மணி இல்லாத தேதி வந்தா ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி நள்ளிரவுன்னு எடுத்துக்கும். டொராண்டோல அது 8ஆம் தேதி சாயங்காலம் 7 மணி. தலைப்புல 8ன்னு அச்சாகும். சென்னைல அதே வரி காலை 5.30ன்னு ஆகும், தேதி 9ஆவே நிக்கும். அதனால இந்தியால இருக்கற யாருக்கும் இந்த பக் தெரியவே தெரியாது.

---

சிவநேசன் எழுதியது:

வணக்கம். கொழும்பில் இருந்து எழுதுகிறேன்.

சொல்லைப் பற்றி இரண்டு விடயம். எங்களுக்குத் திகதி, உங்களுக்குத் தேதி. ஒரே மொழிக்கோப்பு இரண்டு நாட்டுக்கும் போகிறது. சொல்லை "நாள்" என்பதன்மேல் கட்டினால் இந்தச் சண்டை வராது. நான் முன்வைப்பது "நாட்பெயர்வு". இடப்பெயர்வு, புலப்பெயர்வு எல்லோருக்கும் தெரிந்த சொற்கள்தான்.

அடுத்தது, உதவிப் பக்கத்தில் "இலங்கை நேரம் யூடிசிக்கு 5.30 மணி முன்னே" என்று ஒரு வரி இருக்கிறது. இன்றைக்குச் சரி. 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் எங்கள் மணிக்கூடு 6 மணித்தியாலம் முன்னே ஓடியது. அதற்கு முந்தைய பழைய அரட்டைப் பதிவுகளை 5.30 வைத்துக் கணக்கிட்டால் நள்ளிரவுக்குப் பிந்தைய முதல் அரை மணித்தியாலச் செய்திகள் முந்தின நாளுக்குப் போய்விடும். எண்ணை எழுதாமல் `Asia/Colombo` என்று வலயத்தின் பெயரைக் கொடுத்தால் அந்த வரலாறெல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளும்.

---

இராமலிங்கம் எழுதியது:

நாள் என்பதை அடியாகக் கொள்வது நன்று. ஆனால் நாட்பெயர்வு இடறும். "நாட்பெயர்" என்றால் ஞாயிறு, திங்கள் என்னும் பெயர்கள். ஒரு திரையில் நாட்பெயர், அடுத்த திரையில் நாட்பெயர்வு என்றால் அச்சுப்பிழை என்றே நினைப்பர்.

இன்னொன்றும் கேட்கிறேன். நம் பஞ்சாங்க வழக்கில் கிழமை கதிரவன் எழும்போதுதான் மாறுகிறது. இரவு 2 மணிக்குப் பேசியதை "நேற்று ராத்திரி" என்றுதான் சொல்கிறோம். பாஸ்கர் பிழை என்று சொல்லும் அந்த 12 முதல் 5.30 வரை, கிட்டத்தட்ட விடியும் நேரம். சென்னைக்காரருக்கு அந்தச் "சர்வர்" தற்செயலாக நம் வழக்கையல்லவா பின்பற்றுகிறது?

---

பாஸ்கர் எழுதியது:

ஐயா, நல்லா மாட்டிவிட்டீங்க :) ஆனா ராத்திரி 12 மணிக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பறவங்க யாரும் விடியற வரைக்கும் காத்திருக்கறதில்லை. அது முந்தின நாள் தலைப்புல போனா சண்டைதான்.

ஆனா நீங்க சொன்னதுல ஒரு விஷயம் இருக்கு. நாளை எங்க வெட்டறதுங்கறது நாம எடுக்கற முடிவு. அந்த வெட்டற இடத்துக்குத்தான் முதல்ல பேர் வேணும்னு நினைக்கறேன். "நாளெல்லை"ன்னு வெச்சா? உதவிப் பக்கத்துல "நாளெல்லை உங்கள் ஊர் நள்ளிரவு" அப்படின்னு எழுதிட்டா மிச்சம் தானா புரியும்.

---

கயல்விழி எழுதியது:

நாளெல்லை எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்லடைவில் சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

சரத்துக்கு "நாள் நகர்வு" என்ற அடிப்படையில் ஒன்று எழுதிப் பார்த்தேன்:

```
msgstr "நேர வலய வேறுபாட்டால் வேறு நாளில் காட்டப்படுகிறது"
```

எழுதி முடித்தபோது அதில் "நாள் நகர்வு" என்ற சொல்லே வரவில்லை. குறிப்புக்கு இந்த வாக்கியம் போதும். உதவிப் பக்கத் தலைப்புக்கு மட்டும் "நாள் நகர்வு". பாஸ்கர் சொன்ன பக்குக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தப் போவதில்லை, அது வெறும் பிழை. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் பிழையைத் திருத்தாமல் "அது நாள் நகர்வு சார்" என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள்.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. நிரோஜா ஊருக்கு வந்தால் அவருடைய பழைய செய்திகள் எந்த நாளில் தெரிய வேண்டும்?

---

நிரோஜா எழுதியது:

நான் கதைச்ச நாளிலதான் நிக்க வேணும். போன வருசம் யாழ்ப்பாணம் போய் இறங்கினதும் டொராண்டோவில பின்னேரம் கதைச்சதெல்லாம் அடுத்த நாளுக்குப் போயிட்டுது. திரும்பி வர பழையபடி வந்திட்டுது. அம்மாவுக்கு எந்த நாள் காசு அனுப்பினன் எண்டு தேடினா ஒவ்வொரு ஊரில ஒவ்வொரு நாள்.

---

பாஸ்கர் எழுதியது:

பிட்ஜின்ங்கற அரட்டைச் செயலி அப்படித்தான் செய்யும். பதிவுக் கோப்போட பேர்லயே உள்ளூர் நேரமும் வித்தியாசமும் இருக்கும்:

```
2012-07-04.213015-0400EDT.txt
```

எந்த ஊர்ல போய்த் திறந்தாலும் ஜூலை 4தான். ஆனா அதுல ஒரு கஷ்டம் உண்டு. அம்மாவோட கணினில அதே உரையாடல் ஜூலை 5ன்னு இருக்கும், ரெண்டு பேரும் ஒரே தேதியைச் சொல்லித் தேட முடியாது. நம்ம செயலி பார்க்கறவர் இருக்கற ஊரை வெச்சுத் தலைப்புப் போடுது, மாத்தச் சொல்லி ஏற்கெனவே ஒரு கோரிக்கை திறந்து கிடக்கு. மேம்பாட்டாளர்கள் நடுவுலயே ஒத்துப்போகலை.

---

சிவநேசன் எழுதியது:

நாளெல்லைக்கு மறுப்பில்லை. "நேர வலயம்" என்று கயல்விழி எழுதியிருப்பது எங்களுக்கு மகிழ்ச்சி, ஆனால் அமைப்புகள் பக்கத்தில் "நேர மண்டலம்" என்று இருக்கிறது. சரம் உள்ளே போவதற்கு முன் ஏதாவது ஒன்றாக்குங்கள்.

---

இராமலிங்கம் எழுதியது:

மண்டலம் இருக்கட்டும். அஞ்சல் மண்டலம், மின் மண்டலம் என்று மக்கள் நாவில் உள்ள சொல். "நாள் நகர்வு" மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. நகர்வது நாளன்று, செய்தி. வேறு சொல் கிடைத்தால் எழுதுகிறேன்.

---

கயல்விழி எழுதியது:

சரி ஐயா. மண்டலம் என்று திருத்திச் சரத்தை ஏற்றிவிட்டேன். நாளெல்லை சொல்லடைவில் ஏறிவிட்டது. உதவிப் பக்கத் தலைப்பைத் தெளிவற்றது என்று குறியிட்டு வைத்திருக்கிறேன், ஞாயிறு இரவு வரை திறந்திருக்கும். டொராண்டோ நள்ளிரவு.