கதவு திறந்தே கிடந்தது, பஸர் ஒலிக்கவில்லை: டைமர் அனுபவங்களைப் பகிருங்கள்

தொடரைத் தொடங்கியவர்

நான் பராமரிக்கும் குளிர் அறையில் கதவு 30 நொடிக்கு மேல் திறந்திருந்தால் பஸர் ஒலிக்க வேண்டும். PLC நிரல் மிக எளிது: கதவு திறந்ததும் `TON` ஓடத் தொடங்கும், 30 நொடி முடிந்ததும் பஸர். கதவை விரியத் திறந்து சோதித்தால் ஒவ்வொரு முறையும் சரியாக ஒலிக்கிறது. ஆனால் ஒரு நாள் காலை கதவு விரல் அகலத்துக்குத் திறந்தே கிடந்தது. உள்ளே வெப்பநிலை ஏறியிருந்தும் பஸர் மௌனமாக இருந்தது.

மடிக்கணினியை இணைத்து டைமரின் `ET` மதிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 7 நொடி வரை ஏறியது, சட்டென்று பூஜ்யம். மறுபடி 11 வரை ஏறியது, பூஜ்யம். உள்ளே மின்விசிறி ஓடும்போது காற்றழுத்தத்தில் கதவு அசைந்து, சென்சார் ஒரு கணம் ‘மூடியிருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறது. `TON` என்பது உள்ளீடு ஒரே ஒரு ஸ்கேன் விழுந்தாலும் எண்ணியதையெல்லாம் மறந்துவிடும் டைமர். நீங்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

பொதியிடும் பிரிவு இயக்குநர்

எங்களிடமும் இதே தொல்லை இருந்தது. தீர்வு எளிது: `TON`-ஐ எடுத்துவிட்டு, நேரத்தைச் சேமித்து வைக்கும் `RTO` போட்டோம். கதவு எத்தனை முறை அசைந்தாலும் எண்ணிக்கை அழியாது. அதன் பிறகு பஸர் ஒரு முறைகூடத் தவறியதில்லை.

கட்டுப்பாட்டு நிரலாளர்

தவறாது என்பது உண்மைதான், நண்பரே. ஆனால் தேவையில்லாதபோதும் ஒலிக்குமே? ஒருவர் 10 நொடி திறந்து மூடுகிறார், அடுத்தவர் 12 நொடி, மூன்றாமவர் 8 நொடி. யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் சேமித்த நேரம் 30 ஆகிவிட்டது. கதவு மூடியதும் அதை ரீசெட் செய்தால், அந்தச் சிறு அசைவும் ரீசெட் செய்துவிடும். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம்.

கேள்வி ‘எவ்வளவு நேரம் திறந்திருந்தது’ என்பதல்ல, ‘உண்மையிலேயே மூடினார்களா’ என்பதுதான். அதற்கு `TON`-க்கு முன்னால் ஒரு `TOF` வையுங்கள். கதவு திறந்த அதே கணத்தில் அது ஆன் ஆகும். மூடிய பிறகு 2 நொடி பொறுத்துத்தான் ஆஃப் ஆகும். அரை நொடி அசைவை அது கண்டுகொள்ளாது. சென்சார் கதவு மூடியிருக்கும்போது 1 தர வேண்டும். அப்போதுதான் கம்பி அறுந்தாலும் ‘திறந்திருக்கிறது’ என்று காட்டி நம்மை அழைக்கும்.

```
 DoorClosed
──|/|───────────────[TOF_Hold  T#2s ]
 TOF_Hold.Q
──| |───────────────[TON_Warn  T#30s]
 TON_Warn.Q  DoorClosed
──| |─────────|/|────────────( Buzzer )
```

மூன்றாவது வரியில் `DoorClosed` மறுபடி வருவதைக் கவனியுங்கள். ஒருவர் 29ஆவது நொடியில் கதவைச் சரியாக மூடிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். `TOF` இன்னும் 2 நொடி பிடித்து வைத்திருப்பதால் `TON` 30-ஐத் தொட்டுவிடும்; மூடிய கதவுக்குப் பஸர் ஒரு நொடி ஒலிக்கும். ஒழுங்காக மூடியவரை எச்சரித்தால் அந்தப் பஸரை யாரும் மதிக்க மாட்டார்கள். அந்த ஒரு தொடர்பு அதைத் தடுக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்

`TOF` இல்லாமலே செய்யலாம் அல்லவா? ‘மூடியிருக்கிறது’ என்ற சிக்னலுக்கு 2 நொடி `TON` போட்டு, அதன் வெளியீட்டைத் தலைகீழாக எடுத்தால் போதும்.

கட்டுப்பாட்டு நிரலாளர்

செய்யலாம், சரியாகச் சொன்னீர்கள். ஒரே வேறுபாடு மின்சாரம் வந்ததும் தெரியும்: உங்கள் முறையில் கதவு மூடியிருந்தாலும் முதல் 2 நொடி ‘திறந்திருக்கிறது’ என்று காட்டும். இங்கே 30 நொடி இருப்பதால் பாதகமில்லை.

இயந்திரக் கூடப் பணியாளர்

எங்கள் வெட்டும் இயந்திரத்தின் காப்புக் கதவும் அதிர்வில் அசைந்து அடிக்கடி இயந்திரத்தை நிறுத்துகிறது. இந்த 2 நொடி `TOF`-ஐ அங்கே போட்டால் தீருமா?

கட்டுப்பாட்டு நிரலாளர்

வேண்டவே வேண்டாம். இங்கே பேசுவது குளிர் வீணாகாமல் இருக்க ஓர் எச்சரிக்கை. உங்களுடையது கையைக் காக்கும் கதவு. அந்த 2 நொடியில் கத்தி சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சுற்று பாதுகாப்பு ரிலே வழியாகவே போக வேண்டும். அசைவுக்குத் தாழ்ப்பாளையும் சுவிட்ச் பொருத்தத்தையும் சரிசெய்யுங்கள்.

கிடங்கு மின்பணியாளர்

எங்கள் இடத்தில் சிக்கல் வேறு. சரக்கு ஏற்றும்போது கதவு நெடுநேரம் திறந்திருக்கும் என்பதால் ஒலியை நிறுத்த ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். யாரோ அதை அழுத்திய நிலையில் டேப் ஒட்டிவிட்டார்கள். அதன் பிறகு பஸர் ஒலிக்கவே இல்லை. அழுத்தும் கணத்தை மட்டும் எடுக்க ஒன் ஷாட் சேர்த்த பிறகும் ஒலிக்கவில்லை. எங்கே பிழை என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

ஒன் ஷாட் இருந்த இடம்தான் காரணம். ‘எச்சரிக்கை வந்துவிட்டது’, ‘பொத்தான் அழுத்தப்பட்டது’ என்ற இரண்டு தொடர்புகளுக்கும் பின்னால் அதை வைத்திருந்தார்கள். அங்கே அது பொத்தானைப் பார்ப்பதில்லை, இரண்டும் சேர்ந்த முடிவைப் பார்க்கிறது. பொத்தான் எப்போதும் 1. ஆகவே 30 நொடி முடிந்து எச்சரிக்கை வரும் அந்தக் கணமே 0-விலிருந்து 1-க்கு ஓர் ஏற்றம் உண்டாகிறது. ஒன் ஷாட் அதைப் புதிய அழுத்தலாக எடுத்துக்கொண்டு ஒலியை அடக்கிவிடுகிறது. ஏற்றத்தைப் பொத்தானிடம் மட்டும் கண்டறிந்து, நிபந்தனையைப் பின்னால் சேர்த்ததும் சரியானது:

```
 SilenceBtn  TON_Warn.Q
──|P|─────────| |────────────(S) Silenced
 TOF_Hold.Q
──|/|────────────────────────(R) Silenced
```

பஸர் வரியில் `Silenced` இல்லாதபோது மட்டும் ஒலிக்கட்டும் என்று ஒரு தொடர்பையும் சேர்த்தோம். இப்போது டேப் ஒட்டினாலும் பயனில்லை. கதவை மூடினால் மௌனம் நீங்கும். அடுத்த முறை ஒலிக்கும்.

பொதியிடும் பிரிவு இயக்குநர்

ஒன் ஷாட் வெளியீட்டை நேராக விளக்குக்குக் கொடுக்கலாமா? எங்கள் விளக்கு எரிந்ததாகவே தெரியவில்லை.

கிடங்கு மின்பணியாளர்

அது ஒரே ஒரு ஸ்கேன்தான் உயிரோடு இருக்கும், பெரும்பாலும் சில மில்லி நொடி. கண்ணுக்குத் தெரியாது, ரிலேயும் இழுக்காமல் போகலாம். அதன் பின்னால் ஒரு `TOF` வைத்து 3 நொடி நீட்டுங்கள், விளக்கு தெரியும்.

தொடரைத் தொடங்கியவர்

`TOF` சேர்த்துப் பார்த்தேன். `ET` இப்போது தடையின்றி 30 வரை ஏறுகிறது. விரல் அகலம் திறந்து வைத்தாலும் பஸர் ஒலிக்கிறது.

இன்னொன்று. எத்தனை முறை எச்சரிக்கை வந்தது என்று பதிய வேண்டியிருக்கிறது. `Buzzer` ஏற்றத்தை எண்ணினால், ஒலிக்கும்போது கதவு அசையும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை கூடுகிறது.

கட்டுப்பாட்டு நிரலாளர்

`TON_Warn.Q` ஏற்றத்தை எண்ணுங்கள். ஒரு திறப்புக்கு ஒன்றுதான் வரும். கதவு சிக்னலின் ஏற்றத்தை எடுக்காதீர்கள். கதவு திறந்திருக்கும்போது மின்சாரம் போய் வந்தால், `R_TRIG` முதல் ஸ்கேனிலேயே ஒரு துடிப்பைத் தந்துவிடும்.

தொடரைத் தொடங்கியவர்

ஆனால் 29ஆவது நொடியில் மூடுபவரையும் அது எண்ணிவிடுமே? பஸர் ஒலிக்காமலே பதிவில் ஒன்று கூடும்.

கட்டுப்பாட்டு நிரலாளர்

ஆம், எண்ணிவிடும். பஸர் ஒலித்ததும் ஒரு பிட்டை `S` செய்து, `TOF_Hold` விழும்போது `R` செய்து, அந்தப் பிட்டின் ஏற்றத்தை எண்ணினால் அதுவும் நீங்கும். நான் அதைச் செய்வதில்லை. 29 நொடி திறந்திருந்ததும் பதிவில் இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

கிடங்கு மின்பணியாளர்

எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒலித்ததாகப் பதிவில் இருந்தால் ஒலித்திருக்க வேண்டும். பதிவைப் பார்த்துக் கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.