புதுப்பிப்பு: கண் முகாம் கேப்ஷன்

முன்னாடி கேட்டது: "எங்க கிளினிக் இலவசக் கண் முகாம் போஸ்டர்ல தேதி, இடம் தவிர வேற என்ன போடலாம்?"

சொட்டு மருந்தைப் பத்தி எழுதச் சொன்ன சிஸ்டருக்கு நன்றி. கண்மணி விரிய மருந்து விட்டா சில மணி நேரம் கிட்டத்துல எழுத்து மங்கும், வெயில் கூசும். போன தடவை ஒரு பெரியவர் மொபெட்டை இங்கேயே விட்டுட்டு பஸ்ல போனார். வெறும் வயித்துல வரணும்னு சொன்ன அண்ணே, பரிசோதனைக்கு அது வேண்டாம், சுகர்காரங்க மயங்கிடுவாங்க. அக்கா, முழங்கால் பார்க்கமாட்டோம், கண்ணு மட்டும்தான்.

இப்போதைய வாசகம்:

"இலவசக் கண் பரிசோதனை. ஞாயிறு 15-ம் தேதி, காலை 9 முதல் 1 வரை, ஊராட்சிப் பள்ளி. பழைய கண்ணாடி, சாப்பிடுற மாத்திரைச் சீட்டு, ஆதார் நகல் கொண்டு வாங்க. சாப்பிட்டு, துணைக்கு ஒருத்தரோட வாங்க. வண்டி ஓட்டி வராதீங்க."

புரை ஆபரேஷனுக்கு அன்னைக்கே பஸ் ஏத்துவாங்களான்னு ஆஸ்பத்திரி இன்னும் சொல்லல. ஏத்துறதா இருந்தா மாத்துத் துணியும் சேர்க்கணும்.