பாப்பாவோட 100வது நாள் 18ஆ 19ஆ 20ஆ? கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், என் தம்பி பொண்டாட்டி கொரியாக்காரப் பொண்ணு, அவங்க வழக்கப்படி குழந்தைக்கு 100வது நாள் விசேஷம் பண்ணுவாங்களாம், பேகில்னு பேரு. பாப்பா 2025 மார்ச் 12, புதன்கிழமை, சியோல் நேரம் ராத்திரி 2 மணிக்குப் பொறந்தா. எங்க வீட்ல இப்ப ஆளுக்கு ஒரு தேதி சொல்றாங்க.

நான் ஷீட்ல `=A1+100` போட்டேன், ஜூன் 20 வந்துச்சு. தம்பி பொண்டாட்டி 19ங்கிறா, அவங்க கணக்குல பொறந்த நாளே முதல் நாளாம், அப்ப 99தானே கூட்டணும். விரல் விட்டு எண்ணிப் பாத்தேன், மார்ச்ல 20 நாள், ஏப்ரல் 30, மே 31, மொத்தம் 81, மிச்சம் 19, சரியா இருக்கு. இன்னொன்னு கவனிச்சேன், 99ங்கிறது 14 வாரமும் ஒரு நாளும், அதனால பொறந்த கிழமைக்கு அடுத்த கிழமைலதான் 100வது நாள் வரணும், புதனுக்கு வியாழன், 19 வியாழன்தான்.

ஆனா அம்மா டைரில மார்ச் 11னு எழுதி வச்சிருக்காங்க, ஏன்னா நம்ம ஊர்ல அப்ப 11ஆம் தேதி ராத்திரி பத்தரை, அதை வச்சு 18ங்கிறாங்க! பொறந்த ஊர் தேதியத்தான எடுக்கணும்?

அப்புறம் வியாழக்கிழமை யாருக்கும் லீவு இல்ல. வார இறுதிக்கு மாத்தினா முன்னாடி சனி 14ஆ, பின்னாடி 21ஆ, கொரியால இருக்கறவங்க எப்படிப் பண்றீங்க?