‘ஸ்பிரெட்’: பரவலா, சிதறலா, அகல்வா?

மலர்விழி:

வணக்கம். சமூக மன்றத்தில் பெற்றோருக்காக நடக்கும் கணக்கு வகுப்புக்குத் தமிழில் கேள்வித்தாள் தயாரிக்கிறோம். இங்கே பிள்ளைகள் கணக்கை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அதனால் வீட்டில் சொல்லும் தமிழ்ச் சொல்லும் பள்ளியில் கேட்கும் சொல்லும் ஒரே பொருளைத் தர வேண்டும்.

கைப்பேசியில் எடுத்த ஹிஸ்டோகிராம் படம் ஒன்று கேள்வித்தாளில் இருக்கிறது. கிடை அச்சில் பேருந்துக்குக் காத்திருந்த நிமிடங்கள்: 0, 4, 8, 12, 16, 20. அவற்றுக்கு இடையே ஐந்து பட்டைகள், ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. நிலை அச்சில் பயணிகளின் எண்ணிக்கை. உயரங்கள் வரிசையாக 6, 12, 14, 6, 2. ஆக மொத்தம் 40 பேர். கேள்விகள் இரண்டு: சராசரி என்ன, ஸ்பிரெட் எவ்வளவு, அதாவது மதிப்புகள் சராசரியை விட்டு எவ்வளவு விலகி நிற்கின்றன?

இரண்டாவதற்குப் ‘பரவல்’ என்று எழுதினேன். “நடுவில் உயர்ந்து வலப்பக்கம் சரிகிறது” என்று பலர் படத்தின் வடிவத்தை எழுதிவிட்டார்கள். எண்ணாக விடை எழுதியவர்கள் மிகச் சிலரே. வேறு என்ன சொல் போடலாம்?

பரமசிவம்:

அவர்கள் எழுதியதில் பிழை இல்லை, அம்மா. ‘நிகழ்வெண் பரவல்’ என்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஏற்கெனவே வேறொன்றுக்குப் பெயர் வைத்துவிட்டன. எந்த மதிப்பு எத்தனை முறை வந்தது என்ற முழு அமைப்புக்கும் அதுதான் பெயர். அதிலிருந்து எடுக்கும் ஓர் அளவுக்கும் அதே சொல் பொருந்தாது. பாடநூல் இதற்குச் ‘சிதறல்’ என்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

விடை எனக்கு வந்தது: ஐந்து உயரங்களைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 8. சிதறலை அளக்கும் திட்ட விலக்கம், உயரங்களுக்கு ஏறக்குறைய 4.4.

இளங்கோ:

பரமசிவம் ஐயா, ‘பரவல்’ பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கணக்குதான் வழி மாறிவிட்டது. இந்தப் படத்தில் அது மாறியதே தெரியாது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பட்டையின் உயரம் ஆட்களின் எண்ணிக்கை. கேட்பது நிமிடம். நிமிடம் கிடை அச்சில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டைக்கும் நடுப்புள்ளி எடுத்தால் 2, 6, 10, 14, 18. ஒவ்வொன்றையும் அதன் ஆட்களால் பெருக்கினால் 12, 72, 140, 84, 36. கூட்டுத்தொகை 344, 40 ஆல் வகுத்தால் சராசரி 8.6 நிமிடம். திட்ட விலக்கத்துக்கு நடுப்புள்ளிகளின் வர்க்கத்தை ஆட்களால் பெருக்கிக் கூட்டினால் 3680. அதை 40 ஆல் வகுத்தால் 92. அதிலிருந்து 8.6 இன் வர்க்கமான 73.96 போனால் மீதி 18.04, அதன் வர்க்கமூலம் 4.25 நிமிடம்.

8 உம் 4.4 உம் இதற்கு வெகு பக்கத்தில் வந்தது தற்செயல். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: இதே விகிதத்தில் 80 பேர் நின்றிருந்தால் என்று கேட்டுப் பாருங்கள். உயரங்கள் 12, 24, 28, 12, 4 ஆகும். ஐயாவின் முறையில் சராசரி 16 ஆகிவிடும். ஆட்கள் இரட்டித்ததால் யாருடைய காத்திருப்பும் இரட்டிக்கவில்லையே! நடுப்புள்ளி முறையில் 8.6 அப்படியே நிற்கும்.

மலர்விழி அக்கா, இதற்குப் ‘பட்டை’ என்ற சொல்லுக்கும் பங்கு உண்டு. பட்டை என்றதும் கண் உயரத்துக்குத்தான் போகும். ஹிஸ்டோகிராமுக்கு ‘நிகழ்வுச் செவ்வகம்’ என்ற பாடநூல் சொல்லைப் போட்டால் அகலமும் ஒரு பொருட்டு என்று தெரியும். ஸ்பிரெட்டுக்கு ‘அகல்வு’ என்று ஒரு சொல்லை முன்வைக்கிறேன். சராசரியை விட்டு மதிப்புகள் எவ்வளவு அகன்று நிற்கின்றன என்பதுதானே கேள்வி. ‘அகலம்’ காதில் விழுவதால் கண்ணும் கிடை அச்சுக்குப் போகும்.

நூர்ஜஹான்:

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. என் மகனின் பள்ளித் திட்டத்தில் பன்னிரண்டு மாத மழையளவுக்குப் பன்னிரண்டு பட்டைகள் வரைந்திருந்தான். உயரங்களைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தான், ஆசிரியரும் சரி போட்டார். அப்போது அதுவும் தவறா?

இளங்கோ:

இல்லை, அது சரிதான். அவன் வரைந்தது பட்டை வரைபடம். ஒரு பட்டை, ஒரு மாதம். அதன் உயரமே மில்லிமீட்டரில் மழையளவு. கேட்கும் அளவு நிலை அச்சில் இருப்பதால் உயரங்களின் சராசரிதான் விடை. டிசம்பர் பட்டைக்கு நடுப்புள்ளி என்று ஒன்று கிடையாது. ஆகவே படத்தைப் பார்த்ததும் முதலில் எந்த அச்சில் கேட்ட அலகு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பட்டைகள் ஒட்டியிருப்பது ஓர் அடையாளம்தான். மென்பொருளில் வரைந்தவர் இடைவெளியை மாற்றியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

மலர்விழி:

நன்றி. படமாக எடுத்ததை வாசிப்பதில் இன்னொரு சிக்கலும் வந்தது. சிலருக்குச் சராசரி 6.6 வந்தது, திட்ட விலக்கம் மட்டும் சரியாக 4.25. எப்படி?

இளங்கோ:

0, 4, 8 என்பவை பட்டையின் இடது விளிம்பில் நிற்கும் எண்கள். படம் சாய்ந்திருந்தால் அவை பட்டைக்கு நேர்கீழே இருப்பதுபோலத் தெரியும். அவற்றையே நடுப்புள்ளி என்று எடுத்தால் எல்லா மதிப்பும் 2 நிமிடம் குறையும். சராசரியும் 2 குறையும். எல்லாம் ஒன்றாக நகர்ந்ததால் ஒன்றுக்கொன்று உள்ள தொலைவு மாறாது, அகல்வும் மாறாது. கடைசி எண்ணைப் பாருங்கள்: ஐந்து பட்டைக்கு ஆறு எண்கள் இருந்தால் அவை விளிம்புகள். ஐந்து எண்கள்தான் என்றால் பெரும்பாலும் நடுப்புள்ளிகள்.

உயரத்தை வாசிப்பதில் நேர்மாறு. நிலை அச்சின் அளவே தெரியாமல் எல்லா உயரத்தையும் இரு மடங்காக வாசித்தாலும் சராசரியும் அகல்வும் மாறாது, விகிதம்தான் முக்கியம். ஆனால் படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு அச்சு 2 இல் தொடங்குவதைக் கவனிக்காமல், ஒவ்வொரு பட்டையிலும் 2 குறைத்து வாசித்தால் 4, 10, 12, 4, 0 ஆகும். சராசரி 8.1, அகல்வு 3.5. ஓரத்துப் பட்டை மறைந்ததால் அகல்வுக்குத்தான் அடி அதிகம். மொத்தம் 40 வருகிறதா என்று கூட்டிப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும்; இதில் 30 தான் வரும்.

கீழிருந்து எடுத்த படத்தில் மேற்பகுதி சுருங்கும். மூன்றாவது பட்டையின் உச்சியை 0 இலிருந்து அளக்காமல், அதற்கு அருகிலுள்ள 10, 15 கோடுகளுக்கு இடையே எத்தனை பங்கில் இருக்கிறது என்று பாருங்கள். ஆட்கள் என்பதால் விடை முழு எண்ணாகத்தான் இருக்கும்.

பரமசிவம்:

80 பேர் சோதனை எனக்குப் பிடித்தது. என் விடையைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ‘அகல்வு’ ஏற்க மனமில்லை. ‘சிதறல்’ பாடநூலில் வேரூன்றிவிட்டது; தமிழ்நாட்டு நூலைத் திறக்கும் பெற்றோர் ‘அகல்வை’ எங்கே தேடுவார்?

நூர்ஜஹான்:

எனக்குச் ‘சிதறல்’ என்றால் ஒளிச்சிதறல்தான் நினைவுக்கு வருகிறது. ‘8.6 இலிருந்து எவ்வளவு அகல்வு’ என்று கேட்டால் புரிகிறது. வீச்சு, அதாவது மிகப் பெரிய மதிப்புக்கும் மிகச் சிறிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், என்று கேட்டால் 20 என்று எழுதலாமா?

இளங்கோ:

அப்படி உறுதியாக எழுத முடியாது. கடைசிப் பட்டையிலுள்ள இரண்டு பேர் 16 க்கும் 20 க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், முதல் பட்டையிலும் அப்படியே. வீச்சு 12 க்குக் குறையாது, 20 ஐத் தாண்டாது என்று மட்டும் சொல்லலாம். 8.6 உம் மதிப்பீடுதான். உண்மைச் சராசரி 6.6 க்கும் 10.6 க்கும் இடையே இருக்கும்.

மலர்விழி:

இப்போதைக்குக் கேள்வித்தாளில் ‘சிதறல்’ என்று எழுதி, கேள்வியை “மதிப்புகள் சராசரியிலிருந்து எத்தனை நிமிடம் அகன்று நிற்கின்றன?” என்று வைக்கிறேன். ‘நிகழ்வுச் செவ்வகம்’ தலைப்பில் வரும். ‘அகல்வு’ தனிச்சொல்லாக வேண்டுமா என்பதை அடுத்த வகுப்பின் விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.