நீளம் எண்டால் எரிவையும் சேர்த்தோ?

வவுனியா கிளாஸ்: சனிக்கிழமை ரண்டு வைன் போத்தில் திறந்தம். ஒண்டு ஆஸ்திரேலியா பரோசா ஷிராஸ், சிவப்பு, அற்ககோல் 15 வீதம். மற்றது ஜெர்மன் மோசெல் ரீஸ்லிங் கபினெற், வெள்ளை, 8.5 வீதம். ஷிராஸ் விழுங்கி ஒரு நிமிசமாகியும் வாயை விட்டுப் போகேல்லை. நீளம் எண்டால் அதுதான். ரீஸ்லிங் இனிப்புத் தண்ணி. ஷிராசுக்கு ‘மிகச் சிறப்பு’, ரீஸ்லிங்குக்கு ‘பரவாயில்லை’ எண்டு போட்டன். மறுக்க ஆளிருக்கோ?

இரணைமடுக்காரன்: நான் மறுக்கிறன். ஒரு நிமிசம் நிண்டது பழமோ, எரிவோ? துப்பின உடனை மணிக்கூட்டைப் பாத்து, கறுத்தப் பழமும் மிளகும் எப்ப மறையுது எண்டு கவனியும். அந்த இடத்திலை எண்ணுறதை நிப்பாட்டோணும். பிறகு தொண்டையிலை கிடக்கிற சூடும் முரசைப் பிடிக்கிற துவர்ப்பும் நீளமில்லை, சமநிலையிலை கழிக்க வேண்டியவை. எரிவைக் கூட்டினால் சாராயத்தை எந்த வைனும் வெல்லேலாது.

வவுனியா கிளாஸ்: வாயிலை நிண்டது நிண்டதுதான், அண்ணை. பழம் எது, சூடு எது எண்டு நாக்கைக் கூறுபோட எனக்குத் தெரியாது.

இரணைமடுக்காரன்: தெரியாதெண்டால் தரம் போடாதையும், பிடிச்சது எண்டு மட்டும் எழுதும். அதிலை எனக்கு வழக்கில்லை. சரி, ஷிராசை என்ன சூட்டிலை ஊத்தினீர்?

வவுனியா கிளாஸ்: அறைச் சூட்டிலை. சிவப்பு வைனுக்கு அதுதானே முறை.

இரணைமடுக்காரன்: அந்த முறை குளிர்நாட்டு அறையிலை வந்தது. சிவப்புக்கு 16, 18 பாகை. பகல்லை எங்கடை அறை 32. அந்தச் சூட்டிலை அற்ககோல் முதல் எழும்பி மூக்கிலை குத்தும், பழம் அவிஞ்சமாதிரி மந்தமாகும். அதே போத்திலை 16 பாகைக்கு இறங்குமட்டும் குளிர்பெட்டியிலை வைச்சுத் திரும்பப் பாரும். எரிவு அடங்கிப் பழம் முன்னுக்கு வந்தால் குற்றம் அறையிலை. 16இலையும் எரிஞ்சால் குற்றம் வைனிலை. இதைப் பாக்காமல் ‘மிகச் சிறப்பு’ எண்டு எப்பிடி எழுதினீர்?

மடு றோட்டு: எங்கடை கோயில் பூசை வைனும் நல்ல இனிப்பு. அதுக்கு எத்தினை புள்ளி வரும்? பிடிக்காத வைனை ஏன் குடிக்கோணும் எண்டும் விளங்கேல்லை.

நந்திக்கடல்: இரணைமடு சொல்றதிலை பாதிதான் சரி. துவர்ப்பைக் கழிக்கேலாது. இத்தாலிச் சிவப்பு வைன் பரோலோவை இளசிலை குடிச்சுப் பாருங்கோ, முரசு காஞ்சுபோகும். அதை நல்ல வைன் இல்லை எண்டு ஆர் சொல்லுவினம்?

இரணைமடுக்காரன்: துவர்ப்பு கூடாதெண்டு நான் எங்கை எழுதினான்? நல்ல பரோலோவிலை துவர்ப்பு நிக்கேக்கை செர்ரியும் ரோசாவும் பக்கத்திலை நிக்கும். பழம் போய்த் துவர்ப்பு தனிச்சு நிண்டால் அது சமநிலை இல்லை. ரீஸ்லிங்குக்கு வாறன். கபினெற்றிலை லீற்றருக்கு 40 கிராம் சீனி இருக்கிறது சாதாரணம். அந்தச் சீனியைப் புளிப்பு தூக்கிப் பிடிக்குதோ இல்லையோ எண்டதுதான் கேள்வி. விழுங்கின பிறகு வாய் பிசுபிசுத்தால் சீனி வெண்டிட்டுது. வாயூறித் தேசிக்காய் மணம் தொடர்ந்து வந்தால் ரண்டும் சமன். எனக்கு இனிப்பு வைன் பிடிக்காது. ஆனாலும் அப்பிடி வந்தால் ‘மிக நன்று’ எண்டுதான் போடுவன்.

வவுனியா கிளாஸ்: ஷிராசிலை எட்டு வாசம் எழுதினான். உங்கடை ரீஸ்லிங்கிலை நாலு. அடுக்கு எதிலை கூட?

இரணைமடுக்காரன்: எட்டையும் எழுதும் பாப்பம்.

வவுனியா கிளாஸ்: பிளாக்பெரி, பிளம், புளூபெரி, கறுத்த செர்ரி, ஜாம், வனிலா, தேங்காய், சொக்கலேற்.

இரணைமடுக்காரன்: முதல் அஞ்சும் ஒரே கூட்டம், கறுத்தப் பழம். மற்ற மூண்டும் ஓக் பீப்பா தந்தது. ரண்டு கூட்டத்தை எட்டுப் பேராலை எழுதியிருக்கிறீர். ரீஸ்லிங்கிலை தேசிக்காய், பச்சை அப்பிள், பூ, ஈரக்கல்லு எண்டு எழுதியிருந்தால் அது நாலும் நாலு கூட்டம்.

வவுனியா கிளாஸ்: போன வருசமும் கள்ளு விசயத்திலை இப்பிடித்தான் வந்து மறிச்சனீங்கள். வெளிநாட்டிலை பரிசாரகராய் நிண்டால் நாக்கு மாறிப்போகுமோ?

இரணைமடுக்காரன்: நாக்கு மாறேல்லை, பயிற்சி வந்தது. கள்ளையும் அப்ப பிழையாய்த்தான் சொன்னனீர். வெயில் ஏறினாப் பிறகு புளிச்ச கள்ளை ‘நீளம்’ எண்டனீர்.

நந்திக்கடல்: கள்ளை விடுங்கோ. பரோலோவுக்கு இன்னும் முழுப் பதில் வரேல்லை. மூடுண்டு கிடக்கிற வயசிலை பழமே தெரியாது, துவர்ப்புத்தான் தெரியும். அப்ப நீளம் பூச்சியமோ?

இரணைமடுக்காரன்: பூச்சியமில்லை. வாசம் அடங்கிக் கிடந்தாலும் நடுவாயிலை பழத்தின்ரை கனம் தெரியும். வைச்சுக் குடிக்கலாமோ எண்டதை அங்கை பாக்கோணும். தரத்துக்கு இண்டைக்கு கிளாசிலை இருக்கிறதை எழுதோணும்.

நந்திக்கடல்: அதை நான் ஏற்கமாட்டன். கனம் வேறை, நீளம் வேறை.

மடு றோட்டு: பூசை வைனுக்கு ஒருத்தரும் புள்ளி சொல்லேல்லை.

வவுனியா கிளாஸ்: ஒரு நிமிசம் நிண்டது. எழுதினதை மாத்தமாட்டன்.

இரணைமடுக்காரன்: என்ன நிண்டது? இன்னும் சொல்லேல்லை. மிச்சம் கிடந்தால் குளிராக்கி, பழம் மறையிற நேரத்தை மட்டும் எழுதும்.

வவுனியா கிளாஸ்: போத்தில் முடிஞ்சுது. வாங்கித் தாங்கோ, எழுதுறன்.